பெட்ஷீட் தூசுக்குப் பயப்படுறீங்க... கொசுவத்திப் புகைக்குப் பக்கத்துலயே படுக்குறீங்களே!

காலையில் ஜன்னலைத் திறக்கிறீர்கள். வெயில் ஒரு கம்பி மாதிரி அறைக்குள் சாய்வாக விழுகிறது. பெட்ஷீட்டை ஒரு உதறு உதறினால் போதும், அந்த வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கான தூசுகள் மினுமினுக்கும். 'ஐயோ, இதையா நைட் முழுக்க சுவாசிச்சேன்' என்று மூக்கைப் பொத்திக்கொண்டு, இரண்டு தும்மல் போட்டுவிட்டு வெளியே ஓடுவீர்கள்.

ஆனால், அதே அறையில் கட்டிலுக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். அதில் சுருள் வடிவத்தில் சாம்பல் விழுந்து கிடக்கும். நைட் பத்து மணிக்கு ஏற்றிய கொசுவத்தி. கதவு சாத்தி, ஜன்னல் மூடி, தலையிலிருந்து மூன்றடி தூரத்தில் எட்டு மணி நேரம் எரிந்திருக்கிறது. அதற்கு யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

பேச்சிலர் ரூம், பி.ஜி, ஹாஸ்டல் என எங்கே போனாலும் இந்தக் காட்சி உண்டு. நம் பயம் தப்பான ஆள் மேல் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த இரண்டு துகள்களையும் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கலாம். ஒன்று பெட்ஷீட்டிலிருந்து கிளம்பிய தூசு. இன்னொன்று கொசுவத்தியிலிருந்து கிளம்பிய புகைத்துகள்.

முதலில் சைஸ்

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டாக்கினால், அதில் ஒரு துண்டுதான் மைக்ரான். உங்கள் தலைமுடியின் தடிமன் தோராயமாக 50 முதல் 70 மைக்ரான். வெறும் கண்ணால் ஒரு தூசைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால், அது கிட்டத்தட்ட 40, 50 மைக்ரானாவது இருக்க வேண்டும். நம் பெட்ஷீட் தூசுக்கு 50 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம்.

கொசுவத்திப் புகையில் உள்ள துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. நம்முடைய துகளுக்கு அரை மைக்ரான் என்று கொள்வோம். அதாவது, பெட்ஷீட் தூசின் அகலத்தில் இதுபோல நூறு துகள்களை வரிசையாக நிற்க வைக்கலாம்.

'புகை கண்ணுக்குத் தெரியுதே' என்று நீங்கள் கேட்கலாம். தெரிவது கூட்டம். கோடிக்கணக்கான துகள்கள் சேர்ந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் அது புகையாகத் தெரிகிறது. கொசுவத்தி முனையிலிருந்து எழும் அந்த மெல்லிய கோடு, இருட்டான பின்னணியில் லேசாக நீல நிறமாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மிகச் சிறிய துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். நீலமாகத் தெரிகிற புகை என்றால், துகள்கள் ரொம்பவே பொடி என்று அர்த்தம். அந்தக் கோடு இரண்டடி உயரத்தில் கலைந்ததும் நமக்குப் புகை 'போய்விட்டது'. உண்மையில் அது அறை முழுக்கப் பரவிவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் மொபைலில் வெதர் ஆப்பைத் திறந்தால் PM2.5 என்று ஒரு வரி இருக்கும். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழேயும் உள்ள எல்லாத் துகள்களுக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. பி.எம் என்பது பர்ட்டிகுலேட் மேட்டர், அதாவது காற்றில் மிதக்கும் துகள். கொசுவத்தி, ஊதுபத்தி, சிகரெட், விறகடுப்பு, டீசல் இன்ஜின், குப்பை எரிப்பு என எதையாவது எரித்தால் வருவது பெரும்பாலும் இந்த ரகம். மண், மணல், சிமென்ட் மாதிரி எதையாவது இடித்து, உரசி, பெருக்கினால் கிளம்புவதில் பெரும்பங்கு எடை அதைவிடப் பெரிய துகள்களில் இருக்கும்.

ஒன்று விழும், ஒன்று விழாது

இப்போது இரண்டையும் உங்கள் மூக்கு உயரத்தில், ஒன்றரை மீட்டரில், காற்று அசையாத அறையில் விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

50 மைக்ரான் தூசு தரையைத் தொட சுமார் 20 நொடி ஆகும். 10 மைக்ரான் துகள் என்றால் எட்டு நிமிடம். ஒரு மைக்ரானுக்கு வந்தால் பன்னிரண்டு மணி நேரம். 0.3 மைக்ரான் துகளுக்கு மூன்று, நான்கு நாள்கள்! துகள் சிறிதாகச் சிறிதாக, எடை வேகமாகக் குறைகிறது. ஆனால், காற்று அதைத் தடுத்து நிறுத்தும் விசை அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால் அது விழுவதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு மிதக்கிறது. ஃபேன் வேறு ஓடினால், தரையைத் தொடுகிற கதையே கிடையாது.

அதாவது, பெட்ஷீட்டை உதறிவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் கண்ணுக்குத் தெரிகிற தூசில் பெரும்பகுதி தரையில் கிடக்கும். கொசுவத்தியை விடியற்காலை அணைத்தாலும், ஜன்னலைத் திறக்காதவரை அதன் துகள்கள் உங்கள் மூக்கு மட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். 'வாசனை போயிடுச்சே' என்பது கணக்கில் வராது. வாசனை வேறு, துகள் வேறு.

தூசின் பயணம்: மூக்கோடு சரி

சரி, இரண்டும் மூக்கில் நுழைகின்றன.

மூக்கு நேரான குழாய் கிடையாது. முன்னால் முடி. அதைத் தாண்டினால், சுருண்டு மடிந்த எலும்புத் தட்டுகள். அவற்றின் மேல் ஈரமான சளிப்படலம். காற்று அங்கே வளைந்து நெளிந்து போக வேண்டும். அதன்பிறகு தொண்டையில் கிட்டத்தட்ட செங்குத்தாக ஒரு திருப்பம்.

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். முழு லோடு ஏற்றிய லாரி வேகமாக வந்தால் திரும்ப முடியாமல் நேராகப் போய் பாறையில் மோதும். ஸ்கூட்டி சும்மா சாய்ந்து திரும்பிப் போய்விடும். மூக்குக்குள் நடப்பதும் இதுதான். பெரிய தூசுக்கு எடை அதிகம். காற்று திரும்பினாலும் அது திரும்பாமல் நேராகப் போய் சளிச்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவற்றின் கதை, நீங்கள் மூக்கால் சுவாசிக்கும்போது இங்கேயே முடிந்துவிடும். ஜி.எஸ்.டி ரோட்டில் ஒரு மணி நேரம் பைக் ஓட்டிவிட்டு வந்து கர்ச்சீஃபில் மூக்கைத் துடைத்தால் கறுப்பாக வருகிறதே, அது மூக்கு தன் வேலையைச் செய்ததற்கான ரசீது.

கொஞ்சம் சின்னதாக இருந்து தொண்டையைத் தாண்டிய தூசுக்கும் ஏற்பாடு இருக்கிறது. மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்க சிலியா எனப்படும் நுண்ரோமங்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஒரு மெல்லிய சளிப்போர்வை. ரோமங்கள் எல்லாம் ஒரே திசையில் அசைந்து, அந்தப் போர்வையை மெதுவாக மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மாலில் இருக்கும் எஸ்கலேட்டர் மாதிரி. அதில் ஒட்டிய தூசு தொண்டைக்கு வந்ததும் நீங்கள் இருமித் துப்புவீர்கள், அல்லது தெரியாமலே விழுங்கிவிடுவீர்கள். வயிற்றுக்குப் போனால் கழிவோடு வெளியே. இந்தப் பகுதியில் விழுந்த தூசில் பெரும்பகுதி ஏறக்குறைய ஒரு நாளில் காலி.

தும்மல், இருமல், மூக்கு ஒழுகல் எல்லாம் நமக்கு எரிச்சல்தான். ஆனால், அவை நடக்கின்றன என்றால் உடம்புக்கு எதிரி யாரென்று தெரிந்திருக்கிறது. சண்டை வாசலிலேயே நடக்கிறது.

புகைத்துகளின் பயணம்: கடைசி ஸ்டாப் வரை

அரை மைக்ரான் துகளுக்கு எடையே இல்லாத மாதிரிதான். மூக்கில் காற்று எப்படி வளைகிறதோ அப்படியே வளையும். தொண்டைத் திருப்பத்திலும் காற்றோடு திரும்பிவிடும். தும்மல் வராது, உள்ளே போனது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அதற்குக் கீழே மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும். ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாக. இப்படிச் சுமார் 23 முறை பிரிந்துகொண்டே போகும், தலைகீழாக நிற்கும் மரம் மாதிரி. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கிளையும் குறுகலானாலும், கிளைகளின் எண்ணிக்கை இரட்டிப்பாவதால் மொத்த இடம் பெருகிக்கொண்டே போகிறது. ஆறு கடலில் கலக்குமிடத்தில் அகலமாகி வேகம் குறைவதைப் போல, காற்றின் வேகமும் குறைந்து, கடைசியில் கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது.

அந்தக் கடைசி இடம்தான் நுண்காற்றுப்பைகள். டாக்டர்கள் ஆல்வியோலை என்பார்கள். திராட்சைக் கொத்து மாதிரி, இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 கோடியிலிருந்து 50 கோடி வரை இருக்கும். ஒவ்வொன்றின் அகலம் சுமார் 0.2 மில்லிமீட்டர். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு பேட்மிண்டன் கோர்ட்டை மூடும். ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் போவதும், கார்பன் டை ஆக்ஸைடு வெளியே வருவதும் இங்கேதான்.

இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான திருப்பம். அறையில் விழவே மாட்டேன் என்று மணிக்கணக்கில் மிதந்த துகள், இங்கே எப்படிச் சுவரில் ஒட்டுகிறது?

தூரம் குறைந்துவிட்டது, அதுதான் காரணம். 2 மைக்ரான் துகள் ஒரு நொடிக்கு 0.1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக விழும். அறையில் ஒன்றரை மீட்டர் விழ மூன்று மணி நேரம் தேவை. நுண்காற்றுப்பையில் விழ வேண்டியதோ 0.2 மில்லிமீட்டர்தான். இரண்டு நொடி போதும். நீங்கள் மூச்சை இழுத்து விடும் இடைவெளியே அவ்வளவு இருக்கும். 0.1 மைக்ரானுக்கும் கீழே உள்ள துகள்களுக்கு விழ வேண்டிய அவசியம்கூட இல்லை. காற்றின் மூலக்கூறுகள் அவற்றை இப்படியும் அப்படியும் மோதித் தள்ளிக்கொண்டே இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் தள்ளப்படும் குழந்தை மாதிரி அலைந்து அலைந்து, ஏதாவது ஒரு சுவரில் மோதி ஒட்டிவிடும்.

நடுவில் இருப்பவை 0.3 மைக்ரானை ஒட்டிய துகள்கள். விழவும் சோம்பேறி, அலையவும் சோம்பேறி. அவற்றில் பெரும்பகுதி உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, நீங்கள் விடும் மூச்சோடு வெளியே வந்துவிடும். ஆக, சுவாசித்த புகையெல்லாம் நுரையீரலில் அப்படியே படிந்துவிடும் என்று சொன்னால் அது மிகை. நம் அரை மைக்ரான் துகளும் இந்தச் சோம்பேறி ரகத்துக்குப் பக்கம்தான். ஆனால், நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் தங்கினாலே கணக்கு எங்கேயோ போய்விடும்.

அங்கே எஸ்கலேட்டர் கிடையாது

நுண்காற்றுப்பையில் நுண்ரோமங்கள் இல்லை. சளிப்போர்வை இல்லை. இருமினாலும் அங்கிருந்து எதுவும் வராது. இருக்க முடியாது என்பதுதான் காரணம்; சளி மூடினால் ஆக்ஸிஜன் எப்படிக் கடக்கும்? காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உள்ள சுவரின் தடிமன் பெரும்பாலான இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. சுவாசிக்க வேண்டும் என்பதற்காக உடம்பு தன் சுவரை அவ்வளவு மெலிதாக வைத்திருக்கிறது.

அங்கே காவலுக்கு இருப்பது மேக்ரோஃபேஜ் எனப்படும் செல்கள். துகளைக் கண்டால் சுற்றி வளைத்து விழுங்கும். ஒரு பாக்டீரியாவை விழுங்கினால் அதைச் செரித்துவிடும். கரித்துகளை என்ன செய்வது? செரிக்காது. அதைச் சுமந்துகொண்டு மெல்ல நகர்ந்து எஸ்கலேட்டர் தொடங்கும் இடம்வரை போக வேண்டும், அல்லது நிணநீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டும். மேலே ஒரு நாளில் முடிந்த வேலை, இங்கே மாதக்கணக்கில், சிலவற்றுக்கு வருடக்கணக்கில் இழுக்கும். அதற்குள் அடுத்த இரவின் சுருள் எரிய ஆரம்பித்துவிடும்.

வேலை முடியாத அந்தச் செல்கள் 'ஆள் பத்தலை' என்று வேதிப்பொருள்கள் மூலம் மற்ற செல்களைக் கூப்பிடும். இதைத்தான் அழற்சி என்கிறோம். ஒரு தடவை என்றால் ஆறிவிடும். தினமும் நடந்தால் அந்த இடமே தடித்து, இறுகி, தன் நெகிழ்வை இழக்கும். அந்த வேதிப்பொருள்கள் நுரையீரலோடு நிற்பதும் இல்லை. ரத்தத்தில் கலந்து, ரத்தக்குழாய்ச் சுவர்களைப் பாதிக்கும். ரத்தம் சுலபமாக உறையும்படி மாற்றும். நுண்துகள் என்றதும் ஆஸ்துமா ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால், அதனால் ஏற்படும் மரணங்களில் மாரடைப்பும் பக்கவாதமும்தான் பெரும்பங்கு என்பதன் காரணம் இதுதான்.

துகளே நேரடியாக ரத்தத்துக்குள் போகுமா? ரொம்பப் பொடியாக இருந்தால் போகும். எடின்பரோ ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், தன்னார்வலர்களைத் தங்கத்தின் மிக நுண்ணிய துகள்களைச் சுவாசிக்கவைத்தார்கள். தங்கம் ஏன் என்றால், அது உடம்பில் எதனோடும் வினைபுரியாது, கண்டுபிடிப்பதும் சுலபம். சுவாசித்து 15 நிமிடங்களிலேயே சிலருடைய ரத்தத்தில் தங்கம் தெரிந்தது. மூன்று மாதம் கழித்தும் உடம்பில் இருந்தது. பக்கவாத ஆபத்து உள்ள நோயாளிகளின் கழுத்து ரத்தக்குழாயில் படிந்திருந்த கொழுப்பை எடுத்துப் பார்த்தபோது, அதிலும் தங்கம்! இந்தத் துகள்கள் ஒரு மைக்ரானில் நூறில் சில பங்கு அளவுக்குச் சிறியவை, அவற்றிலும் மிகச் சிறியவைதான் அதிகம் கடந்தன. நம் அரை மைக்ரான் துகள் இப்படிக் கடந்துவிடும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால், புகை என்பது கலவை. எரியும் எதிலும் இந்த மிகப் பொடி ரகமும் சேர்ந்தேதான் வரும்.

வெல்லத்தை உடைத்தால் என்ன ஆகும்?

'எடையில் ஒன்றுமே இல்லாத ஒன்று எப்படி இவ்வளவு கெடுதல் செய்யும்' என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

நம் 50 மைக்ரான் பெட்ஷீட் தூசு ஒன்றை எடுத்து, அரை மைக்ரான் துகள்களாக உடைத்தால் எத்தனை கிடைக்கும்? அகலத்தில் நூறு, நீளத்தில் நூறு, உயரத்தில் நூறு. மொத்தம் பத்து லட்சம். எடை அதேதான். ஆனால், வெளியே தெரியும் பரப்பு நூறு மடங்காகிவிடும்.

அச்சுவெல்லத்தை அப்படியே தண்ணீரில் போட்டால் மெதுவாகக் கரையும். பொடித்துப் போட்டால் உடனே கரையும். பரப்பு அதிகமானால் வினை வேகமாகும். நுரையீரல் செல்லோடு உரசுவது துகளின் எடை அல்ல, அதன் மேற்பரப்பு. எரியும்போது உண்டாகும் பல வேதிப்பொருள்கள் அந்த மேற்பரப்பில்தான் ஒட்டிக்கொண்டு உள்ளே வருகின்றன. புற்றுநோயோடு தொடர்புடைய பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்கள், உலோகங்கள் எல்லாம் அந்தச் சரக்கில் அடக்கம். வெறும் மண் துகளோடு ஒப்பிட்டால் புகைத்துகள் டெலிவரி பாய் மாதிரி. கையில் பார்சல் இருக்கும்.

இப்போது கொசுவத்திக்கு வருவோம். சீனா, மலேசியா நாடுகளில் விற்கும் சுருள்களை எரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் பி.எம் 2.5, பிராண்டைப் பொறுத்து 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்தால் வருவதற்குச் சமம் என்று அது சொன்னது. ஃபார்மால்டிஹைடு என்ற வாயு, அதிகபட்சமாக 51 சிகரெட்டுகளுக்குச் சமமாக வந்தது. இதைக் கேட்டு 'நான் நைட்டுக்கு நூறு சிகரெட் குடிக்கிறேனா' என்று பதற வேண்டாம். சிகரெட் பிடிப்பவர் புகையை நேராக வாயில் இழுக்கிறார். சுருளின் புகை அறை முழுக்கப் பரவி, அதில் ஒரு பங்குதான் உங்களுக்குள் வருகிறது. நிகோட்டினும் இதில் இல்லை. ஆனால், மூடிய பத்துக்குப் பத்து ரூமில், எட்டு மணி நேரம், வருடத்தில் பாதி நாள் என்று சேர்த்துப் பாருங்கள். அருகிலேயே ஒரு கைக்குழந்தையோ, வீசிங் இருக்கும் பாட்டியோ படுத்திருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும்.

அப்போ தூசு நல்லதா?

அப்படிச் சொல்லவே இல்லை. கல்குவாரியிலும், கல் அறுக்கும் பட்டறையிலும் வேலை செய்பவர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ், தூசால் வரும் நோய்தான். நுரையீரலை இறுக வைத்து உயிரையே எடுக்கும். ஆனால், அங்கேயும் வில்லன் கண்ணில் படுகிற துகள் கிடையாது. கல்லை அறுக்கும் பிளேடிலிருந்து கிளம்பும் மேகத்தில், சுமார் 4 மைக்ரானுக்கும் கீழே உள்ள சிலிக்கா பொடிதான் நுண்காற்றுப்பைவரை போகிறது. பெரியது கீழே விழுந்து, மேகம் கலைந்த பிறகும் அது அங்கேயே மிதக்கும். அதனால்தான் 'தூசு அடங்கிடுச்சு, மாஸ்க்கைக் கழட்டலாம்' என்பது அந்தப் பட்டறைகளில் ஆபத்தான வார்த்தை. அதேபோல தூசு அலர்ஜி உள்ளவர்களுக்கு, மூக்கிலேயே நின்றுவிடும் பெட்ஷீட் தூசுகூட அன்றைய நாளைக் கெடுத்துவிடும்.

பெரும் கூட்டத்தை வைத்துப் பார்த்தால் யார் மோசம் என்பதற்கு, 1993-ல் வெளியான ஹார்வர்டின் 'ஆறு நகரங்கள்' ஆய்வு பதில் சொன்னது. அமெரிக்காவில் ஆறு ஊர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 14 முதல் 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சிகரெட் பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் கழித்த பிறகும், ஆறில் மிக மாசடைந்த ஸ்டூபன்வில்லில் இறப்பு விகிதம், சுத்தமான போர்ட்டேஜைவிட 26 சதவிகிதம் அதிகம். அந்த இறப்போடு வலுவாகப் பொருந்திப் போனது காற்றில் இருந்த மொத்தத் தூசின் அளவல்ல, நுண்துகள்களின் அளவு. அதுவரை உலகம் காற்றில் எவ்வளவு தூசு என்றுதான் அளந்துகொண்டிருந்தது, 2.5 மைக்ரானைத் தனியாக அளக்கத் தொடங்கியதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியமான காரணம்.

ஆப்பில் தெரியும் நம்பரை எப்படிப் படிப்பது?

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு, ஒரு நாளைய சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம் பி.எம் 2.5. இந்தியாவின் சட்டப்படியான அளவு 60. இந்த வித்தியாசம் உங்கள் மொபைலிலும் தெரியும். காற்றில் 50 மைக்ரோகிராம் இருந்தால், இந்தியக் கணக்கில் காற்றுத் தரக் குறியீடு 83 என்று வரும். பச்சைக் கலரில் 'திருப்திகரம்' என்று போடும். அதே காற்று அமெரிக்கக் கணக்கில் 137. ஆரஞ்சு கலரில் எச்சரிக்கை. இரண்டு ஆப்கள் இரண்டு நம்பர் காட்டினால் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை. எந்த நாட்டுக் கணக்கு என்று செட்டிங்ஸில் பாருங்கள். அல்லது குறியீட்டை விட்டுவிட்டு, மைக்ரோகிராமில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது எங்கும் ஒன்றுதான்.

அந்த எண் வெளியே, உங்கள் ஏரியாவுக்கு அருகில் உள்ள நிலையத்தில் அளந்தது. பெரும்பாலும் 24 மணி நேர சராசரி. உங்கள் படுக்கையறைக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. போகி அன்று விடியற்காலை டயரும் பாயும் எரியும்போது, ஓரிரு மணி நேரத்துக்கு எகிறும் அளவை சராசரி பாதியாக மறைத்துவிடும். 2018 போகியில் சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாகின, திருப்பியும் விடப்பட்டன. மார்கழிப் பனியின் ஈரத்தைப் புகைத்துகள்கள் உறிஞ்சிப் பெருத்ததால்தான் அது அவ்வளவு அடர்த்தியாகத் தெரிந்தது. மற்ற நாள்களில் அதே துகள் கண்ணில் படாமல் இருக்கிறது.

என்னதான் செய்வது?

மாஸ்க் விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. என்95 மாஸ்க் சல்லடை கிடையாது. அதன் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி துகளைவிடப் பெரியது. நுரையீரல் எப்படித் துகளைப் பிடிக்கிறதோ, கிட்டத்தட்ட அதே வழியில்தான் மாஸ்க்கும் பிடிக்கிறது. பெரியது திரும்ப முடியாமல் இழையில் மோதும். மிகச் சிறியது அலைந்து ஒட்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள 0.3 மைக்ரான்தான் அதற்கும் தலைவலி. அதனால்தான் அந்தச் சோம்பேறித் துகளை வைத்தே சோதிக்கிறார்கள். அதில் 95 சதவிகிதம் பிடித்தால் பாஸ். கூடுதலாக அந்த இழைகளில் நிலைமின்சாரம் ஏற்றியிருப்பார்கள். துவைத்தால் அது போய்விடும். கர்ச்சீஃபும் துப்பட்டாவும் லாரி தூசைத் தடுக்கும், புகையைத் தடுக்காது. என்95-கூட கன்னத்தோடு ஒட்டாமல் இடைவெளி இருந்தால், காற்று அந்த வழியாகத்தான் போகும். அடர்த்தியான தாடிக்கும் இதே பிரச்னை.

வீட்டுக்குள் மாஸ்க் போட்டுக்கொண்டு தூங்க முடியாது. அங்கே கைவசம் இருப்பது இரண்டு வழிதான். எரிப்பதைக் குறைப்பது, காற்றை மாற்றுவது. டெங்கு இருக்கும் ஊரில் 'கொசுவத்தியை விடு' என்று சும்மா சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. ஜன்னலுக்கு வெல்க்ரோ வைத்து ஒட்டும் கொசுவலையை அடித்தால், ஜன்னலைத் திறந்தே வைக்கலாம்; இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார் என்றால், மடக்கும் கட்டில் வலை இருக்கிறது. சுருள் வைத்தே ஆக வேண்டும் என்றால், சாயங்காலம் கொசு உள்ளே வரும் நேரத்தில் ஆள் இல்லாத ரூமில் ஏற்றி, படுக்கும் முன் அணைத்து, ஜன்னலைத் திறந்து எதிரெதிரே காற்று ஓடவிட்டு, அதன்பிறகு வலைக்குள் போய்ப் படுங்கள். விடியவிடிய கட்டிலுக்கு அடியில் வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். பால்கனியில் வைத்தால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அந்த நீலக் கோட்டைப் பார்த்துவிட்டு வையுங்கள்.